தொழிற்பழகுநர் பயிற்சி: மணிக்கணக்கு சரியாக இருக்கிறதா?

நம் பிள்ளைகள் அப்ரண்டிஸாகச் சேரும்போது, வகுப்பில் இத்தனை மணி, பட்டறையில் இத்தனை மணி என்று பயிற்சித் திட்டத்தில் தனித்தனியே குறித்திருப்பார்கள். இவை இரண்டு தனிக் கணக்குகள். வகுப்பில் மிஞ்சிய மணி பட்டறைக் குறையை அடைக்காது. மொத்தத்தை மட்டும் பார்த்தால் இந்தக் குறை கண்ணில் படாது.

எலக்ட்ரீஷியன் வேலை பழகும் ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்வோம். அவர் முடிக்க வேண்டியது மொத்தம் 1,500 மணி. வகுப்புக்கு 300, செய்முறைக்கு 1,200. முதலில் 17 நாள் வகுப்பு மட்டும். பிறகு வாரம் ஒரு நாள் வகுப்பு, நான்கு நாள் பட்டறை என 28 வாரங்கள் ஓடிவிட்டன. இன்னும் 12 வாரங்கள் மீதி.

வகுப்பு நாள் 17-உம் 28-உம் சேர்ந்து 45. நாளுக்கு 6 மணி வீதம் 270 மணி.

பட்டறை நாள் 112. காலை 9 முதல் மாலை 5.30 வரை எட்டரை மணி என்றாலும், சாப்பாடு, தேநீர் இடைவேளை ஒரு மணி போக ஏழரை மணிதான் பயிற்சி. அது 840 மணி. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்காக இடைவேளைக்கு மேல் அரை மணி கூடுதலாகப் போகிறது. 28 வெள்ளிக்கு 14 மணி கழித்தால் 826.

இரண்டும் சேர்ந்து 1,096, அதாவது 73 விழுக்காடு. ஏறக்குறைய முக்கால் பங்கு காலமும் போயிருப்பதால், எல்லாம் சரி என்றே தோன்றும். பிரித்துப் பார்த்தால் வகுப்பு 90 விழுக்காடு, செய்முறை 69 விழுக்காடுதான்.

செய்முறையில் மீதி 374 மணி. வாரத்துக்கு இருபத்தொன்பதரை மணி வீதம் 12 வாரத்தில் 354 மணிதான் வரும். 20 மணி குறையும்.

வழி இருக்கிறது. மீதமுள்ள 30 மணி வகுப்பு ஐந்து வாரத்தில் முடிந்துவிடும். அதன்பின் காலியாகும் வகுப்பு நாட்களில் மூன்றைப் பட்டறைக்கு மாற்றித் தரும்படி நிறுவனத்திடம் இப்போதே கேட்டால், இருபத்திரண்டரை மணி கிடைத்துவிடும். கடைசி வாரத்தில் தெரிந்தால் இந்த வழியும் இருக்காது. ஓவர்டைம் பார்த்துச் சரிக்கட்டலாம் என்று நினைக்க வேண்டாம். தொழிற்பழகுநர் ஆலோசகரின் ஒப்புதல் இல்லாமல் பழகுநரிடம் கூடுதல் நேர வேலை வாங்கச் சட்டம் இடம் தரவில்லை.

வகுப்புக்குப் போன நாளுக்கு உதவித்தொகையைப் பிடித்தால் கேளுங்கள். வேலையோடு தொடர்புடைய வகுப்பு நேரம் ஊதியமுள்ள வேலை நேரமாகவே கருதப்படும் என்று 1961-ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டத்தின் 10-ஆவது பிரிவு சொல்கிறது.

வீட்டில் ஒரு நோட்டில் தேதி, வகுப்பு மணி, பட்டறை மணி என்று மூன்று கட்டம் போட்டு, அன்றன்றே எழுதச் சொல்லுங்கள். விடுமுறை நாளில் பூஜ்யம் எழுத வேண்டும். மாதம் ஒருமுறை நிறுவனத்தின் பயிற்சிப் பதிவேட்டோடு ஒப்பிட்டு, வித்தியாசம் இருந்தால் அந்த மாதமே திருத்திக்கொள்ளுங்கள்.