கோபத்தோடு வரும் பெற்றோரிடம் முதல் இரண்டு நிமிடங்கள்

காலை வணக்கக் கூட்டம் முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குள் நுழைந்துகொண்டிருந்தார்கள். நான்காம் வகுப்பு வாசலில் ஒரு தந்தை வந்து நின்றார். "எம் பொண்ணு நெத்தி வீங்கி வீட்டுக்கு வந்திருக்கா. என்னன்னு கேக்க இந்தப் பள்ளிக்கூடத்துல ஒரு ஆள் இல்லையா?" என்று அவர் கேட்டது மூன்று வகுப்புகளுக்குக் கேட்டது.

வகுப்பாசிரியை உண்மையைத்தான் சொன்னார். "சார், அது கடைசிப் பாடவேளை. அப்ப நான் கிரவுண்டுல இல்ல. கோபப்படாதீங்க, விசாரிக்கிறேன்." அவ்வளவுதான். "அப்ப யாருதான் பொறுப்பு?" என்று அவர் குரல் இன்னும் ஏறியது.

அவர் பேசியது கேள்வி வடிவில் இருந்தாலும் அவருக்கு அந்த நேரத்தில் விடை தேவைப்படவில்லை. தன் பதற்றம் எதிரில் இருப்பவருக்கு எட்டியதா என்றுதான் பார்த்தார். அவர் காதில் விழுந்ததோ "நான் காரணமில்லை" என்பது. "கோபப்படாதீங்க" என்பது அதைவிட மோசம். நீ கோபப்படுவது தவறு என்று சொல்லாமல் சொல்லிவிடுகிறது.

பக்கத்து வகுப்பிலிருந்து நான் போனேன். முதலில் குரலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இருவர் பேசும்போது ஒருவர் குரல் மற்றவர் குரலை இழுக்கும். நாம் உயர்த்தினால் அவரும் உயர்த்துவார், நாம் இறக்கினால் நம்மைக் கேட்பதற்காவது அவர் சற்று நிறுத்தியாக வேண்டும். ஆனால் எடுத்த எடுப்பிலேயே கிசுகிசுக்கக் கூடாது. கொதித்துக்கொண்டிருப்பவருக்கு அது அலட்சியமாக, சில நேரம் கேலியாகக்கூடப் படும். அவர் குரலுக்கு ஒரு படி கீழே தொடங்கி, நான்கைந்து வாக்கியங்களுக்குள் நம் வழக்கமான பேச்சுக்கும் சற்றுக் கீழே வந்து சேர வேண்டும். வேகத்தையும் கூடவே குறைக்க வேண்டும். சத்தம் குறைந்து வேகம் குறையாவிட்டால் அது பல்லைக் கடித்துக்கொண்டு பேசுவதுபோல் ஒலிக்கும். (நமக்கு இதில் கூடுதல் சிரமம் உண்டு. நாற்பது பிள்ளைகளுக்குக் கேட்கப் பேசிப் பழகிய தொண்டை நம்முடையது.)

"வாங்கண்ணா" என்று அழைத்து, பிள்ளைகள் பார்வையிலிருந்து சற்றுத் தள்ளி மரத்தடிக்கு அழைத்துப் போனேன். வேடிக்கை பார்ப்பவர்கள் இருந்தால் யாருக்கும் இறங்கி வருவது கடினம். பிறகு சொன்னேன்: "புள்ள நெத்தி வீங்கி வந்து நின்னிருக்கா. இங்கேருந்து ஒரு போன்கூட வரல. ராத்திரி எப்படிப் பதறியிருப்பீங்க."

இதில் மன்னிப்பும் இல்லை, தவறை ஒப்புக்கொள்வதும் இல்லை. நடந்ததையும் அதனால் அவருக்கு என்ன ஆனது என்பதையும் அவர் பக்கமிருந்து சொன்னேன். "புரியுதுங்க" என்ற ஒற்றைச் சொல்லுக்கு இந்த வலு கிடையாது. எது புரிந்தது என்று அதில் இல்லை. இன்னொன்று, இந்த வாக்கியத்தின் வாலில் "ஆனா" வரக் கூடாது. "பதறியிருப்பீங்க, ஆனா நாங்களும்..." என்றால் முன்பாதி அழிந்துபோகும். சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். அந்தச் சில நொடி மௌனம் நமக்குத்தான் நீளமாகத் தெரியும்.

அவர் உடனே அடங்கவில்லை. "பதறினேனா? இங்க எங்களை எவன் மதிக்கிறான்!" என்றார். நான் பயம் என்று எடுத்துக்கொண்டதற்கு அடியில் அவமானமும் இருந்திருக்கிறது. ஒருவர் அதே பேச்சை இன்னும் அழுத்திச் சொன்னால் நாம் தவறான உணர்வைத் தொட்டிருக்கிறோம் என்று பொருள். விவாதிக்காமல் திருத்திக்கொள்ளலாம். "உங்களுக்குத் தகவல் சொல்லணும்னு யாருக்கும் தோணலையேன்னு வருத்தமா இருக்கு, இல்லையாண்ணா?" என்றேன். "ஆமா சார்" என்று பெருமூச்சு விட்டார்.

இறங்கிவிட்டதை எப்படி அறிவது? அவர் நடந்ததை வரிசையாகச் சொல்லத் தொடங்கினார். எத்தனை மணிக்கு வந்தாள், ஆஸ்பத்திரியில் என்ன சொன்னார்கள் என்றெல்லாம். பிறகு "எப்படி விழுந்தா சார்?" என்று கேட்டார். இதுதான் விடை வேண்டிக் கேட்ட முதல் கேள்வி. விளக்கமோ விசாரணையோ இதற்குப் பிறகுதான் பயன்படும். வகுப்பாசிரியை முன்பு சொன்ன அதே செய்தியை இப்போது அமைதியாகக் கேட்டுக்கொண்டார். மதியத்துக்குள் விசாரித்துத் தலைமையாசிரியரே போனில் சொல்வார் என்று முடிவானது. சொன்னபடி மதியம் போன் போனது. போகாமல் இருந்திருந்தால் மறுநாள் எந்தக் குரலும் எடுபட்டிருக்காது.

உயர்நிலை வகுப்பு மாணவர்களிடமும் இது உதவும், ஒரு வேறுபாட்டோடு. பதினைந்து வயதுப் பையனின் உணர்வை வகுப்பின் நடுவே பெயர் சொன்னால் அவன் கூனிக்குறுகி மேலும் சீறுவான். அங்கே தாழ்ந்த குரலில் "வெளிய வா, பேசலாம்" என்பதோடு நிறுத்திக்கொண்டு, மற்றதைத் தாழ்வாரத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

குடித்துவிட்டு வருபவரிடமும், கை ஓங்குபவரிடமும், மிரட்டிக் காரியம் சாதிக்கவே சத்தம் போடுபவரிடமும் இந்த வழி செல்லாது. இரண்டு முறை உணர்வைத் தொட்டுச் சொல்லியும் குரல் ஏறிக்கொண்டே போனால், தனியாக நிற்காமல் தலைமையாசிரியரையோ சக ஆசிரியரையோ அழைத்துவிட்டு, பிள்ளைகளை உள்ளே அனுப்பிக் கதவைச் சாத்துவதுதான் அப்போது செய்ய வேண்டியது.