டிசம்பரில் சேரும் பிளஸ் டூ மாணவர்

ஒரு டியூஷன் செயலி மாதம் 500 ரூபாய் சந்தா வாங்குவதாக வைத்துக்கொள்வோம். சந்தேகம் தீர்க்கும் ஆசிரியருக்கும் சர்வருக்கும் கட்டண வசூலுக்கும் 200 போனால், மிச்சம் 300. மாதாமாதம் பத்தில் ஒருவர் விலகினால், ஒரு மாணவர் சராசரியாகப் பத்து மாதம் இருப்பார். அவரால் கிடைப்பது 3,000 ரூபாய். இதுதான் வாடிக்கையாளரின் ஆயுள் மதிப்பு. 500-ஐப் பத்தால் பெருக்கி 5,000 என்று காட்டுவது தவறு.

இனி, அவரைச் சேர்க்க ஆன செலவு. ஒரு மாதத்தில் விளம்பரத்துக்கு 3 லட்சம், பெற்றோரைப் போனில் அழைத்துப் பேசுபவர்களின் சம்பளம், கமிஷன் 1.5 லட்சம், பணம் கட்டிச் சேர்ந்தவர்கள் 300 பேர். தலைக்கு 1,500 ரூபாய். சம்பளத்தை விட்டுவிட்டால் 1,000 என்று தெரியும். இலவசமாகப் பார்த்துவிட்டுப் போனவர்களையும் எண்ணினால் இன்னும் குறையும். இரண்டும் ஏமாற்றுக் கணக்கு.

3,000-க்கு 1,500 நல்ல லாபம்போலத் தோன்றும். ஆனால் டிசம்பரில் சேரும் பிளஸ் டூ மாணவர் மார்ச்சில் பொதுத்தேர்வு முடிந்ததும் போய்விடுவார். நான்கு மாதமும் முழுதாகக் கட்டினாலும் 1,200-தான். தலைக்கு 300 நஷ்டம். பாடம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அவரைத் தக்கவைக்க முடியாது. ஆறாம் வகுப்பு மாணவருக்கோ இன்னும் பல ஆண்டுகள் இருக்கின்றன. சராசரி இந்த இருவரையும் ஒன்றாகக் கலந்துவிடுகிறது. ஆகவே சேர்ந்த மாதம், வகுப்பு வாரியாகப் பிரித்துக் கணக்கிட்டு, டிசம்பரில் பிளஸ் டூ விளம்பரத்தைக் குறைக்க வேண்டும், அல்லது தேர்வுவரைக்குமான கட்டணத்தை மொத்தமாக, கூடுதலாக நிர்ணயிக்க வேண்டும்.