கரண்ட் நின்ற பிறகும் இறங்கும் ராம்

பவர் பிரஸ்ஸின் டைக்குள் தகடு சிக்கிக்கொள்வது அன்றாடம் நடப்பது. அதை எடுக்கப்போய் விரலை இழந்தவர்கள் பிரஸ் பட்டறைகள் உள்ள ஊர்களிலெல்லாம் இருக்கிறார்கள். தகட்டை எப்படி எடுக்க வேண்டும் என்று எழுதிய பாதுகாப்பு நடைமுறையும் அதே பட்டறையில் இருந்திருக்கும், பத்துப் பன்னிரண்டு பக்கத்துக்கு, ஆபீஸ் பீரோவில். அந்தப் பக்கங்களைப் பிரஸ்ஸில் நிற்பவர் படித்து அப்படியே செய்யக்கூடிய ஓர் அட்டையாக மாற்றுவது எப்படி என்று பார்ப்போம்.

முதலில் மெஷினைப் புரிந்துகொள்ள வேண்டும். சாவி கிளட்ச் உள்ள பிரஸ்ஸில் மோட்டார் ஒரு கனத்த ஃப்ளைவீலைச் சுற்றுகிறது. பெடலை மிதித்தால் கிளட்ச் அந்தச் சக்கரத்தை ஷாஃப்டோடு பிணைக்கும். ராம் இறங்கித் தகட்டை வெட்டும். மோட்டாரை நிறுத்தினாலும் ஃப்ளைவீல் உடனே நிற்காது. அதற்குச் சில நிமிடங்கள் ஆகும். அந்த இடைவெளியில் கால் தெரியாமல் பெடலில் பட்டால், கரண்ட் இல்லாமலேயே ராம் இறங்கும். ‘ஆஃப் பண்ணிட்டுத்தான் கை விட்டேன்’ என்று அடிபட்டவர் சொன்னால் அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை.

இனி, இத்தகைய நடைமுறைகளில் வழக்கமாக வரும் வாக்கியம் ஒன்று: ‘தடை ஏற்படும் பட்சத்தில், மின் இணைப்பு துண்டிக்கப்பட்டு, எஞ்சிய ஆற்றல் முழுமையாக நீங்கியது உறுதி செய்யப்பட்ட பின்னரே, உரிய பாதுகாப்பு உபகரணங்களுடன், தேவைப்படின் மேற்பார்வையாளரின் அனுமதி பெற்று, தடை அகற்றப்பட வேண்டும்.’

இதில் தவறான தகவல் எதுவும் இல்லை. ஆனால் எட்டாம் வகுப்போடு வேலைக்கு வந்தவருக்கு மட்டுமல்ல, நன்றாகப் படித்தவருக்கும் இதை வைத்துக்கொண்டு கையை அசைக்க முடியாது. இணைப்பைத் துண்டிப்பது ஆபரேட்டரா, எலக்ட்ரீஷியனா? சிவப்புப் பட்டனை அழுத்தினால் போதுமா, மெயின் ஸ்விட்ச் வரை போக வேண்டுமா? ஆற்றல் நீங்கியதைக் கண்ணால் எப்படிப் பார்ப்பது? ‘தேவைப்படின்’ என்றால் தேவை என்று முடிவு செய்வது யார்? கடினமான சொல்லை எடுத்துவிட்டு எளிய சொல்லைப் போட்டால் இந்தக் கேள்விகள் தீராது. நிர்வாகம் எடுக்காமல் விட்ட முடிவுகள் அந்த வாக்கியத்துக்குள் ஒளிந்திருக்கின்றன. ஒவ்வொன்றையும் வெளியே இழுத்து, உரியவரிடம் கேட்டு, பதில் வாங்குவதுதான் இந்த வேலையில் பெரும்பகுதி.

அதனால் எழுதுபவர் பேனாவோடு பிரஸ் அருகே போய் நிற்க வேண்டும். மெயின் ஸ்விட்ச் பெட்டி பூட்டக்கூடியதா என்று திறந்து பார்க்க வேண்டும். ராம் இறங்காமல் முட்டுக்கொடுக்க வைக்கும் சேஃப்டி பிளாக் இருக்கிறதா, அதற்குக் கைப்பிடி உண்டா என்று கேட்க வேண்டும். பல இடங்களில் ஆபரேட்டருக்குத் தனிப் பூட்டே இருக்காது. பூட்டை வாங்கிக் கொடுக்காமல் ‘உங்கள் பூட்டைப் போடுங்கள்’ என்று எழுதினால், அட்டை முதல் நாளே பொய்யாகிவிடும். கூடவே, பட்டறையில் எதற்கு என்ன பெயர் புழங்குகிறது என்றும் கவனிக்க வேண்டும். ராம் என்று அழைக்கப்படுவது அட்டையில் ஓரிடத்தில் ராம், இன்னோரிடத்தில் அழுத்துதண்டு என்று வந்தால், படிப்பவர் இரண்டு பொருள் என்று நினைப்பார்.

இந்தக் கேள்விகளுக்கெல்லாம் பதில் கிடைத்த பிறகு அட்டை இப்படி வரும்:

தகடு டையில் சிக்கினால்

ராம் கீழே சிக்கி நின்றால் எதையும் தொடாதீர்கள். செட்டரைக் கூப்பிடுங்கள்.

ராம் மேலே நின்றால்:

1. பெடலிலிருந்து காலை எடுங்கள்.
2. சிவப்புப் பட்டனை அழுத்துங்கள்.
3. மெயின் ஸ்விட்சை ஆஃப் செய்யுங்கள்.
4. மெயின் ஸ்விட்சில் உங்கள் பூட்டைப் போடுங்கள். சாவியை உங்கள் பாக்கெட்டில் வையுங்கள்.
5. ஃப்ளைவீலில் உள்ள வெள்ளைக் கோட்டைப் பாருங்கள். கோடு அசையாமல் நிற்கும் வரை காத்திருங்கள்.
6. பச்சைப் பட்டனை அழுத்திப் பாருங்கள். மோட்டார் ஓடினால் தள்ளி நில்லுங்கள். எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.
7. கைப்பிடியைப் பிடித்து, சேஃப்டி பிளாக்கை ராமுக்கு அடியில் வையுங்கள்.
8. இடுக்கியால் தகட்டை எடுங்கள். கையால் எடுக்காதீர்கள்.

பூட்டுவது, தேங்கிய விசை அடங்கக் காத்திருப்பது, ஓட்டிப் பார்த்துச் சரிபார்ப்பது என்ற இந்த வரிசை புதிதல்ல. அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு அமைப்பான ஓஷா 1989இல் வெளியிட்ட பூட்டு விதியும் இதையே கேட்கிறது. அட்டையில் சேர்ந்தது வெள்ளைக் கோடு. சுழலும் வழவழப்பான சக்கரம் தூரத்திலிருந்து பார்த்தால் நிற்பதுபோலத் தெரியலாம். குறுக்கே ஒரு பெயின்ட் கோடு போட்டால், ‘ஆற்றல் நீங்கியதை உறுதி செய்வது’ கண்ணால் பார்க்கும் காரியமாகிவிடும்.

தமிழில் வினை கடைசியில்தான் வரும், மறுப்பும் அதோடு ஒட்டிக்கொண்டு வரும். எழுத்துக்கூட்டிப் படிப்பவர் நீண்ட வாக்கியத்தின் முடிவுக்கு வருவதற்குள் தொடக்கத்தை விட்டுவிடுவார். ‘எடுக்கக் கூடாது’ என்பதில் ‘எடுக்க’ மட்டும் மனதில் தங்கவும் கூடும். ‘ஃப்ளைவீல் நிற்காத வரை கை வைக்கக் கூடாது’ போன்ற இரட்டை மறுப்பு இன்னும் மோசம். ஆகவே செய்ய வேண்டியதை முதலில் சொல்லி, தடையைத் தனிச் சிறு வாக்கியமாக்குவது நல்லது. நிபந்தனையும் செயலுக்கு முன்னால் வர வேண்டும். ராம் கீழே நின்றால் தொடாதே என்பதை எட்டாவது வரிக்குப் பின் எழுதினால், அங்கே வருவதற்குள் அவர் தொட்டிருப்பார்.

நோக்கம், பொறுப்புகள், திருத்தப் பட்டியல் எல்லாம் பீரோவிலேயே இருக்கட்டும். தகட்டை எடுத்த பிறகு பிளாக்கை வெளியே எடுத்து மறுபடி ஓட்டுவது தனி அட்டை. காற்றழுத்தக் கிளட்ச் உள்ள பிரஸ்ஸுக்கு இந்த அட்டை போதாது. அங்கே காற்று வால்வை மூடிப் பூட்டி, மீட்டர் பூஜ்யத்துக்கு வருவதையும் பார்க்க வேண்டும். ஒரு மெஷினின் அட்டையை நகலெடுத்து எல்லா மெஷினிலும் ஒட்டுவது ஆபத்து.

அட்டை சரியா என்பதைச் சோதிக்க ‘புரியுதா?’ என்று கேட்பதில் பயனில்லை. சூப்பர்வைசர் கேட்டால் எல்லோரும் புரியுது சார் என்றுதான் சொல்வார்கள். மெயின்டனன்ஸ்காரர் மெயினைப் பூட்டி, ஃப்ளைவீல் நின்று, பிளாக்கும் வைத்த பிரஸ்ஸின் முன்னால், அந்த வேலைக்குப் புதியவர் ஒருவரை நிறுத்துங்கள். ஒவ்வொரு வரியையும் படித்து, எதை எப்படிச் செய்வார் என்று தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். விரல் எங்கே தயங்குகிறதோ அந்த வரியில் குறை இருக்கிறது. மூன்றாம் வரியில் அவர் பக்கத்து மெஷினின் ஸ்விட்சைக் காட்டினால், வரியை நீட்டாதீர்கள், ஸ்விட்சின் மேல் பிரஸ் நம்பரை எழுதுங்கள். எழுத்தே படிக்காதவருக்கு அதே மெஷினின் போட்டோவும், உடன் நின்று செய்துகாட்டும் ஆளும் வேண்டும்.

இவ்வளவும் செய்த பிறகும் அட்டை தோற்கும் இடம் ஐந்தாவது வரி. ஒரு நாளில் பலமுறை தகடு சிக்கும் டையில், ஒவ்வொரு முறையும் நிமிடக்கணக்கில் காத்திருந்தால் ஷிஃப்ட் டார்கெட் எட்டாது. டார்கெட் அப்படியே இருந்தால் கோடு நிற்கும் முன்பே கை உள்ளே போகும். எனவே அந்த நேரத்தைக் கடிகாரம் வைத்து அளந்து, அன்றைய டார்கெட்டிலிருந்து கழிக்க வேண்டும். அடிக்கடி சிக்கும் டையைக் கழற்றி டூல் ரூமுக்கு அனுப்ப வேண்டும். இந்த இரண்டுக்கும் ஒப்புக்கொண்ட மேனேஜரின் கையெழுத்து அட்டையின் அடியில் இருக்கட்டும்.