‘குளிசை’ எப்படிக் ‘குளிச்சு’ ஆனது?

எனது உம்மம்மாவுக்கு எழுத்துக்களைத் தேடித் தட்டுவது கஷ்டம். அதனால் கைபேசியின் ஒலிவாங்கிக் குறியை அழுத்திப் பேசுவார். அது எழுத்தாக மாறி எங்களுக்கு வரும். சென்ற தவணைப் பரீட்சை நேரத்தில் அவரிடமிருந்து எனக்கு இப்படியொரு செய்தி வந்தது:

“குளிச்சு முடிஞ்சுது வா அப்பா கிட்ட சொல்லு”

உம்மம்மா குளித்ததை எதற்கு அறிவிக்கிறார் என்று சிரித்துவிட்டுப் புத்தகத்தைத் திறந்தேன். இரண்டு நாட்கள் கழித்து அவருக்குத் தலைசுற்று. பிரஷர் குளிசை முடிந்து இரண்டு நாளாகியிருந்தது. அவர் சொன்னது, “குளிச முடிஞ்சுது, வாப்பாகிட்ட சொல்லு.”

விரலால் தட்டும்போது பிழை விட்டால் சொல் உடைந்து போகும், பார்த்தவுடன் தெரியும். குரலால் எழுதும்போது வரும் பிழை அப்படியல்ல. ஒவ்வொரு சொல்லும் எழுத்துப்பிழையில்லாத நல்ல சொல்லாகவே இருக்கும். பொருள்தான் பொருந்தாது.

காரணம் இதுதான். கருவி இரண்டு விடயங்களைச் சேர்த்து எடைபோடுகிறது. கேட்ட ஒலிக்கு எந்தச் சொல் நெருக்கம்? அச்சொற்கள் அடுத்தடுத்து வருவது எவ்வளவு வழக்கம்? அது பழகிய எழுத்துக்களில் ‘மாத்திரை’ நிறைய இருக்கும். நம் நாட்டுக் ‘குளிசை’ குறைவு. ‘குளிச்சு முடிஞ்சுது’ என்பதோ எங்கும் கேட்கும் தொடர். ‘வாப்பா’வும் அவ்வாறே ‘வா அப்பா’ என்று இரண்டாகப் பிரிந்தது. ல, ள, ழ வேறுபாடு பேச்சில் மங்குவதால் ‘பள்ளி’ ‘பல்லி’யாவதும் உண்டு.

ஆனால் கருவிக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும்: பேசுபவர் யார் என்பது. உம்மம்மா ஒருநாளும் ‘அப்பா’ என்று சொன்னதில்லை. அந்த ஒரு சொல்லிலேயே நான் நின்றிருக்க வேண்டும். இப்போது சந்தேகமான செய்தியை இடைவெளிகளைப் பாராமல் வேகமாக வாய்விட்டு வாசிக்கிறேன். ‘வாஅப்பாகிட்ட’ என்னும்போதே ‘வாப்பாகிட்ட’ காதில் விழுந்துவிடும். பிறகு, வாப்பாவிடம் சொல்லுமளவுக்கு முடிந்துபோவது எது என்று யோசித்தால், ‘குளிச்சு’க்குப் பக்கத்தில் ஒலிக்கும் ‘குளிசை’ தானே வரும். ஒலியில் சிறு மாற்றம்தான்; அதோடு முழுச் செய்தியும் ஒரே விடயத்தைப் பேசத் தொடங்குகிறது. ஒரு சொல்லுக்கு மட்டும் பொருந்தி மற்றதைக் குழப்பும் ஊகத்தை நான் விட்டுவிடுவேன்.

எண்களில் இந்த வழி கைவிடும். பேச்சில் ‘ஒம்பது’ம் ‘அம்பது’ம் மிக நெருக்கம். ‘அம்பது மணிக்கு வா’ என்றால் திருத்திவிடலாம். ‘வட்டலாப்பம் அம்பது கோப்பை வேணும்’ என்றால்? இரண்டும் பொருந்தும். குரல்பதிவாக அனுப்பியிருந்தால் மறுபடி கேட்கலாம். எழுத்தாக மாறியதில் அந்த ஒலி மிஞ்சியிருக்காது. அப்போது, “ஒம்பதா, அம்பதா?” என்றும் கேட்கக்கூடாது, பதிலும் அதே குழப்பத்தோடு வரும். “பத்துக்கு ஒன்று குறைவா, நூறில் பாதியா?” என்று கேட்கிறேன்.