சராசரிக்குள் மறைந்த நாற்பதாயிரம் கிலோ
குன்னூர் டீ ஃபேக்டரிகளின் காலாண்டு விற்பனை அறிக்கை: அன்றும் இன்றும்

குன்னூரில் தேயிலை ஏலம் 1963-ல் தொடங்கியது. அதற்கு முன் நீலகிரித் தேயிலை கொச்சி ஏலத்துக்குப் போனது, அல்லது கப்பலேறி லண்டனுக்குப் போனது. மலையில் விளைந்த இலைக்கு மலையிலேயே விலை தெரிய ஆரம்பித்த பிறகும், அந்த விலை ஃபேக்டரி ஆபீஸ் மேசைக்கு வந்து சேரச் சில நாட்கள் ஆகும். புரோக்கரிடமிருந்து 'அக்கவுண்ட் சேல்' என்ற கணக்குச் சீட்டு தபாலில் வரவேண்டும். எந்த லாட், எந்த கிரேடு, எத்தனை மூட்டை, எத்தனை கிலோ, என்ன விலை, பிடித்தம் எவ்வளவு என்று அதில் இருக்கும். ஹெட் கிளார்க் அதைப் பார்த்து லெட்ஜரில் வரி வரியாக ஏற்றுவார்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை மேனேஜர் அதிலிருந்து ஓர் அறிக்கை தட்டச்சு செய்து முதலாளிக்கோ கம்பெனி தலைமை அலுவலகத்துக்கோ அனுப்புவார். பக்கங்கள் குறைவு, பெரும்பாலும் எழுத்துதான். மழை எப்படி, உறைபனி எத்தனை வயலைக் கருக்கியது, எந்த வாங்குபவர் இந்தப் பருவத்தில் கை தூக்கவில்லை, அடுத்து என்ன செய்யலாம் என்று போகும். படம் வேண்டுமென்றால் கிராஃப் தாளில் பென்சிலால் புள்ளி வைத்து, ஸ்கேலால் கோடு இழுத்து, மை ஏற்ற வேண்டும். ஒரு படத்துக்கு அரை நாள் போய்விடும் என்பதால், சொல்ல ஒரு விஷயம் இருந்தால்தான் படம் வரைந்தார்கள்.

அந்த அறிக்கைகளுக்குப் பெரிய குறையும் இருந்தது. எண்களின் அட்டவணை கடைசிப் பக்கத்தில் தனியாகக் கிடக்கும், எழுத்து முன்னால் தனியாக ஓடும். 'சந்தை மந்தம்' என்று மேனேஜர் எழுதினால் அதைச் சரிபார்க்கத் தலைமை அலுவலகத்துக்கு வழி கிடையாது. மந்தமானது சந்தையா, நம்முடைய தூளா என்று யாரும் கேட்காமலே காலாண்டு கழிந்துவிடும்.

கம்ப்யூட்டர் வந்ததும் இது தலைகீழானது. 2003-ல் குன்னூரில் டீசர்வ் என்ற கூட்டுறவு மின்னணு ஏல மையம் வந்தது. பிறகு தேயிலை வாரியத்தின் மின்னணு ஏலத்துக்கு மற்ற விற்பனையும் மாறியது. சுத்தியல் சத்தம் நின்று, திரையில் விலை ஏறத் தொடங்கியது. இன்று ஏலம் முடிந்த கையோடு லாட் வாரியான முழு விவரமும் எக்செல் கோப்பாகக் கையில் இருக்கும். என்ன விற்றது, எந்த லாட் விற்காமல் 'அவுட்' ஆனது, புரோக்கர் போட்ட மதிப்பீடு என்ன, கடைசிக் கேட்பு என்ன எல்லாம் அதில் உண்டு.

எண் பஞ்சம் தீர்ந்ததும் எழுத்துப் பஞ்சம் வந்துவிட்டது. இன்றைய காலாண்டு அறிக்கை பெரும்பாலும் இருபது முப்பது வண்ணப் படங்களின் தொகுப்பு. ஒவ்வொன்றின் கீழும் ஒரு வரி இருக்கும்: 'சராசரி விலை முந்தைய காலாண்டைவிட இரண்டு ரூபாய் குறைந்துள்ளது.' படம் ஏற்கெனவே சொன்னதையே அந்த வரி திருப்பிச் சொல்கிறது. ஏன் குறைந்தது, நாம் என்ன செய்யப் போகிறோம் என்பதற்கு இடமே இல்லை.

கணக்குப் போடுவதிலும் ஒரு சறுக்கல் நடந்திருக்கிறது. ஏலம் வாராவாரம் நடப்பதால் ஒரு காலாண்டுக்குப் பதின்மூன்று விற்பனை. பழைய கிளார்க் லெட்ஜரின் அடியில் மொத்த ரூபாயையும் மொத்த கிலோவையும் கூட்டி, ஒன்றை மற்றதால் வகுப்பார். சரியான சராசரி தானாக வந்துவிடும். இன்று பதின்மூன்று வார விலைகளைத் தேர்ந்தெடுத்து `AVERAGE` என்று தட்டிவிடுகிறோம். ஆயிரம் கிலோ விற்ற வாரமும் பதினைந்தாயிரம் கிலோ விற்ற வாரமும் அதில் ஒரே எடை பெறுகின்றன. கிலோ B நெடுவரிசையிலும் விலை C-யிலும் இருந்தால், வேண்டியது இதுதான்:

```
=SUMPRODUCT(B2:B14,C2:C14)/SUM(B2:B14)
```

சராசரியைச் சரியாகப் போட்டாலும் அது மறைப்பது நிறைய. கணக்கு விளங்குவதற்காக ஒரு சிடிசி ஃபேக்டரியைக் கற்பனை செய்துகொள்வோம். ஏப்ரல்-ஜூன் காலாண்டில் அது முதல் தரத் தூள் 96,000 கிலோவை ரூ.120-க்கும், இரண்டாம் தரம் 24,000 கிலோவை ரூ.80-க்கும் விற்றது. கூட்டிப் பார்த்தால் சராசரி ரூ.112. ஜூலை-செப்டம்பரில் அதே அளவு சரக்கை ஏலத்துக்கு அனுப்பியது. இம்முறை முதல் தரம் ரூ.122-க்கும், இரண்டாம் தரம் ரூ.82-க்கும் போனது. இரண்டு தரத்திலும் இரண்டு ரூபாய் கூடியிருக்கிறது. ஆனால் மொத்தச் சராசரி ரூ.110.

இரண்டு தரத்திலும் விலை ஏறியும் சராசரி எப்படி இறங்கும்? முதல் தரத்தில் 56,000 கிலோதான் விற்றது, மீதி 40,000 கிலோ அவுட். இரண்டாம் தரம் முழுக்கப் போய்விட்டது. விற்ற சரக்கில் மலிவான தூளின் பங்கு ஐந்தில் ஒன்றாக இருந்தது, இப்போது பத்தில் மூன்றாகிவிட்டது. சராசரியை இழுத்தது அந்தக் கலவைதான். விற்பனை வரவோ 1 கோடியே 34 லட்சம் ரூபாயிலிருந்து 88 லட்சத்துக்கு வந்துவிட்டது. 'இரண்டு ரூபாய் குறைவு' என்ற வரிக்குப் பின்னால் நின்றது 46 லட்சம் ரூபாய்ப் பள்ளம்.

இன்னும் ஒரு படி உள்ளே போகவேண்டும். முதல் தரத்துக்கு விலை ஏறியது என்பதே சந்தேகத்துக்குரியது, ஏனென்றால் அந்த ரூ.122 விற்ற லாட்டுகளின் விலை மட்டும்தான். நல்ல லாட்டுகள் போய், சுமாரானவை தங்கியிருந்தால் விலை ஏறியதுபோல்தான் தெரியும். விற்காத 40,000 கிலோவுக்கு வந்த கடைசிக் கேட்பு ரூ.112 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதையும் சேர்த்தால் முதல் தரத்துக்குச் சந்தை தரத் தயாராக இருந்த விலை ஏறத்தாழ ரூ.118. அதாவது விலை இரண்டு ரூபாய் இறங்கியிருக்கிறது. சராசரியை மட்டும் பார்த்த மேனேஜர் தூளின் தரம் கெட்டுவிட்டது என்று பதறி, இலை எடுப்பை மாற்றச் சொல்லியிருப்பார். தர வாரியாக மட்டும் பார்த்தவர் விலை ஏறிவிட்டது என்று சும்மா இருந்திருப்பார். அவுட் ஆன லாட்டுகளைப் பார்க்காதவரை இருவர் முடிவும் தவறுதான்.

இந்தக் காலாண்டுக்கு இரண்டே படங்கள் போதும். முதலாவது பட்டைப் படம்: ஒவ்வொரு தரத்துக்கும் அனுப்பியது எவ்வளவு, அதில் விற்றது எவ்வளவு, அவுட் எவ்வளவு. பட்டைகள் பூஜ்யத்திலிருந்து தொடங்கவேண்டும். சராசரி விலைக்குப் பட்டை வரைந்தால் எக்செல் சில சமயம் அச்சைத் தானாக நூறுக்கு மேலிருந்து தொடங்கிவிடும். அப்போது 112-க்கும் 110-க்கும் உள்ள வித்தியாசம் டால்ஃபின் நோஸ் பாறைச் சரிவுபோல் தெரியும். படத்தின் தலைப்பில் 'தரவாரி விற்பனை' என்று போடுவதைவிட 'முதல் தரத்தில் 40,000 கிலோ விற்கவில்லை' என்று சேதியையே போட்டுவிடலாம்.

இரண்டாவது கோட்டுப் படம்: பதின்மூன்று ஏலங்களுக்கும் நம் முதல் தர விலை ஒரு கோடு, குன்னூர் ஏலத்தில் அதே தரத்தின் சராசரி இன்னொரு கோடு. தேயிலையில் பருவத்தோடு விலை மாறுவதால், போன காலாண்டோடு மட்டும் ஒப்பிட்டால் ஒன்றும் விளங்காது. இரண்டு கோடுகளும் சேர்ந்து இறங்கினால் அது சந்தை. குன்னூர்க் கோடு நிமிர்ந்து நிற்க, நம் கோடு மட்டும் இறங்கினால் குறை ஃபேக்டரிக்குள் இருக்கிறது: இலை, வாடல், சலித்தல் என்று தேட வேண்டும்.

படம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதில் வராத செய்தி உண்டு, அதுதான் எழுத்துக்குரிய வேலை. 'ஆகஸ்ட் முதல் நம் வழக்கமான வாங்குபவர் ஒருவர் கேட்கவில்லை. புரோக்கரின் மதிப்பீடு ரூ.113 ஆக இருக்க, நாம் ரூ.120-க்குக் குறைய விடவில்லை' என்று இரண்டு வாக்கியம் எழுதினால் பட்டைப் படத்துக்குக் காரணம் கிடைத்துவிடும். அந்த வாக்கியங்களைப் படம் மெய்ப்பிக்கிறது. இரண்டையும் ஒரே பக்கத்தில் வைக்கவேண்டும். படம் பதினொன்றாம் பக்கத்திலும் காரணம் இரண்டாம் பக்கத்திலும் இருந்தால், பழைய அறிக்கையின் குறை வண்ணம் பூசிக்கொண்டு திரும்பி வந்ததாகத்தான் அர்த்தம்.

அடுத்தது முடிவு. 'விற்பனையை மேம்படுத்த நடவடிக்கை எடுக்கப்படும்' என்பது முடிவு ஆகாது. வைத்திருப்பதற்கும் விலை உண்டு. வங்கிக் கடனுக்கு ஆண்டுக்கு 12 சதவீத வட்டி என்றால், ரூ.112 மதிப்புள்ள ஒரு கிலோ தூள் மாதம் ஒரு ரூபாய் பன்னிரண்டு காசைத் தின்கிறது. கிடங்கு வாடகை தனி. சிடிசி தூள் நாளாக ஆகச் சாயத்தின் பளிச்சும் குறையும். ஒரு கிலோ தூளுக்கு நாலு கிலோவுக்கு மேல் பச்சை இலை போவதால், அந்த 40,000 கிலோவுக்குள் இருப்பது ஒன்றரை லட்சம் கிலோவுக்கு மேற்பட்ட பச்சை இலை. தூள் விற்றாலும் விற்காவிட்டாலும் சிறு விவசாயிக்கு அந்த இலைக்கான பணம் தந்தாக வேண்டும்.

ஆகவே முடிவை இப்படி எழுதலாம்: 'அடுத்த இரண்டு ஏலத்தில் 20,000 கிலோவை ரூ.113 அடிவிலையில் விடுகிறோம், பொறுப்பு விற்பனை மேனேஜர். அதிலும் பாதிக்கு மேல் அவுட் ஆனால், மிச்சத்தை வந்த விலைக்கு முடித்துவிடுவோம். குன்னூர் சராசரி மூன்று ரூபாய் ஏறினால் மட்டும் இந்த முடிவை மறுபடி பார்ப்போம்.' அளவு, விலை, ஆள், கெடு எல்லாம் இதில் இருக்கின்றன. எது நடந்தால் மனம் மாறலாம் என்பதும் இருக்கிறது. அடுத்த காலாண்டு அறிக்கையின் முதல் பத்தி, இந்த முடிவு பலித்ததா என்று சொல்லவேண்டும். அது சொல்லாத அறிக்கையை யாரும் இரண்டாவது முறை நம்பிப் படிக்கமாட்டார்கள்.

பழைய மேனேஜர் காரணம் எழுதினார், அதை எண்ணோடு சேர்த்துக் காட்டவில்லை. இன்றைய மேனேஜர் கையில் எண் குவிந்திருக்கிறது, காரணம் எழுதத்தான் ஆளில்லை. உங்கள் மேசைக்கு வரும் அடுத்த அறிக்கையில் சராசரி விலையைப் படிப்பதற்கு முன், விற்காத சரக்கு எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தேடுங்கள். அப்படி ஒரு பக்கமே இல்லையென்றால், கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்புங்கள்.