தண்ணீர் வேணுமா என்று கேட்காதீர்கள்

பழைய வீடுகளில் திண்ணை இருந்தது. வெயிலில் வந்தவர் அதில் உட்கார்ந்து, துண்டால் முகத்தைத் துடைத்து, மூச்சு வாங்கிக்கொள்வார். உள்ளே இருப்பவர்களும் அதற்குள் சட்டையை மாட்டிக்கொள்ளலாம், பாயை உதறிப் போடலாம். இன்றைய அடுக்குமாடி வீட்டில் அந்த இடைவெளியே இல்லை. மணி அடிக்கிறது, கதவு திறக்கிறது, அடுத்த நொடி வந்தவர் நடுக்கூடத்தில் நிற்கிறார். முதன்முறை வருபவருக்குக் கூச்சம் இங்கேதான் தொடங்குகிறது.

மகனோடு படிக்கும் பையன் ஒருவன் மே மாதம் மதியம் மூன்று மணிக்கு வருகிறான் என்று வைத்துக்கொள்வோம். நம் வீடுகளில் மரக்கதவுக்கு வெளியே கம்பிக் கதவும் அதில் ஒரு பூட்டும் இருக்கும். மணி அடித்த பிறகு சாவியைத் தேடினால், வந்தவன் கம்பிக்கு அப்பால் ஜெயிலில் மனு பார்க்க வந்தவனைப் போல் நிற்பான். ஆள் வருவது தெரிந்தால் பூட்டை முன்பே திறந்து வையுங்கள்.

“வாங்க தம்பி, உள்ளே வாங்க” என்று கதவைத் திறந்தவர் சொன்னால் மட்டும் போதாது. கிராமத்தில் வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் தனித்தனியாக “வாங்க” சொல்ல வேண்டும். ஒருவர் விட்டாலும், “அந்த வீட்டு மனுஷன் வான்னு ஒரு வார்த்தை கேட்கலை” என்ற மனத்தாங்கல் வருஷக்கணக்கில் நிற்கும். நகரத்தில் அவ்வளவு கணக்குப் பார்ப்பதில்லை. ஆனாலும் சோபாவில் செல்போனோடு இருப்பவர் தலை நிமிர்ந்து ஒரு “வாங்க” சொன்னால், வந்தவன் கூச்சம் பாதி குறைந்துவிடும்.

அடுத்து செருப்பு. வாசலில் விடுவதா, உள்ளே அலமாரியில் வைப்பதா என்று புதியவனுக்குத் தெரியாது. “இங்கேயே விடுங்க, யாரும் எடுக்க மாட்டாங்க” என்று கை காட்டினால் முடிந்தது. உட்கார வைத்ததும் மின்விசிறியைப் போடுங்கள். நீங்களும் உட்காருங்கள். பெரியவர்கள் நின்றால் பையன் எழுந்து எழுந்து உட்காருவான்.

இனி தண்ணீர். “தண்ணி வேணுமா?” என்று கேட்டால் “இல்லைங்க, பரவாயில்லை” என்றுதான் பதில் வரும். தொண்டை வறண்டிருந்தாலும் முதல் தடவை அப்படித்தான் சொல்லுவார்கள், நம் மரியாதை அது. அதனால் கேட்காமல் கொண்டுவந்து கொடுத்துவிட வேண்டும். டம்ளரின் கீழ்ப்பாதியைப் பிடித்து வலக்கையால் நீட்டுங்கள். விளிம்பில் விரல் பட்டாலோ, உள்ளே விரலை விட்டு நாலு டம்ளரைச் சேர்த்துத் தூக்கி வந்தாலோ, குடிப்பவருக்கு மனம் வராது. விளிம்பு வரை ஊற்றவும் கூடாது. நம்மில் பலர் உதட்டில் படாமல் தூக்கிக் குடிப்பவர்கள், தளும்பினால் சட்டை நனையும். கூடவே சொம்பில் தண்ணீரை வைத்துவிட்டால் இரண்டாவது டம்ளருக்கு அவன் வாய்விட்டுக் கேட்க வேண்டியதில்லை. ஐஸ் தண்ணீர் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. பானைத் தண்ணீரோ சாதாத் தண்ணீரோ கொடுத்து, ஜில்லென்று வேண்டுமானால் கலந்து தருவதாகச் சொல்லலாம்.

தாகம் தீர்வது ஒரு பக்கம். திண்ணை தந்த அந்த இரண்டு நிமிட அவகாசத்தை இப்போது இந்த டம்ளர் தருகிறது. கையில் ஒரு பொருள் இருக்கும்போது, எதிரில் இருப்பவரை என்ன பேசுவது என்ற தவிப்பு அடங்குகிறது. ஆகவே குடித்து முடிக்கும் முன் கேள்விகளை அடுக்காதீர்கள்.

காரணம் சொல்லி மறுப்பவரை மட்டும் வற்புறுத்தக் கூடாது. ரம்ஜான் நோன்பில் இருப்பவர் சூரியன் மறையும் வரை தண்ணீரும் தொடமாட்டார். சஷ்டி விரதத்தில் தண்ணீர்கூட அருந்தாதவர்கள் உண்டு. “ஒரு வாய் குடிங்க” என்று மூன்றாம் முறை நீட்டுவது அவரைச் சங்கடத்தில் தள்ளும்.

பாத்திரத்தைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். யார் வீட்டில் யார் தண்ணீர் குடிப்பது என்பதைச் சாதி தீர்மானித்த ஊர் இது. டீக்கடைகளில் இரட்டைக் குவளை வைத்த ஊர். அந்தக் காயம் தெரிந்தவர் தன் கையில் வரும் பாத்திரத்தைக் கவனிப்பார். வீட்டார் எவர்சில்வர் டம்ளரில் குடிக்க, வந்தவருக்கு மட்டும் காகிதக் கப் வந்தால், சுத்தம் கருதிக் கொடுத்ததாக இருந்தாலும் அவருக்கு அப்படிப் படாது. எல்லோருக்கும் ஒரே டம்ளர், அதுவும் அவர் எதிரிலேயே நாமும் குடிப்பது நல்லது.

பேச்சைத் தொடங்க, வந்த வழியே போதும். “பஸ் சீக்கிரம் கிடைச்சுதா? தெருவைக் கண்டுபிடிக்கக் கஷ்டமா இருந்துதா?” இதற்கு எவராலும் பதில் சொல்ல முடியும். அப்பா என்ன வேலை, சொந்த வீடா, எந்த ஊர்ப் பக்கம் என்று தோண்டுவது பிறகு வேண்டவே வேண்டாம். எந்த ஊர் என்ற கேள்வி பல சமயம் சாதியைத் தெரிந்துகொள்ளும் சுற்றுவழி என்பது கேட்பவருக்கும் தெரியும், கேட்கப்படுபவருக்கும் தெரியும். காபியா, டீயா என்று கேளுங்கள்; சர்க்கரை போடலாமா என்றும் கேளுங்கள். முகம் கழுவ வேண்டுமானால் குளியலறை எந்தப் பக்கம், விளக்கு சுவிட்ச் எங்கே என்று நீங்களாகவே சொல்லிவிடுங்கள். முதல் தடவை வந்தவன் அதை வாய்விட்டுக் கேட்க மாட்டான், வீடு போய்ச் சேரும் வரை அடக்கிக்கொண்டே உட்கார்ந்திருப்பான்.