ஐந்து பருவத்தில் பட்டம்: உத்திரமேரூர் மாணவிக்கு எட்டுமா?

உத்திரமேரூரை அடுத்த திருப்புலிவனத்தில் உள்ள அரசு கலைக் கல்லூரியில் படிக்கும் மாணவர்களில் பலருக்கு, பட்டம் கைக்கு வரும் மாதம் மிக முக்கியம். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2 தேர்வுக்கு விண்ணப்பிக்க, அறிவிக்கை வெளியாகும் நாளிலேயே பட்டத் தகுதி இருக்க வேண்டும். நான்கு மாதம் பிந்திப் படிப்பை முடிப்பவர், அடுத்த அறிவிக்கைக்குக் காத்திருக்க வேண்டியதுதான். அதனால்தான் மூன்று ஆண்டுப் பட்டத்தை இரண்டரை ஆண்டில் முடிக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு சொன்னபோது, அது இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கும் உரிய செய்தியாக இருந்தது.

2024 நவம்பரில் மானியக் குழு இதற்கான நடைமுறைக்கு ஒப்புதல் தந்தது. சென்னை ஐ.ஐ.டி. இயக்குநர் காமகோடி தலைமையிலான குழு பரிந்துரைத்த திட்டம் இது. 2025 ஏப்ரலில் அறிவிக்கையான பட்டப்படிப்பு விதிமுறைகளிலும் இடம்பெற்றுவிட்டது. மூன்றாண்டுப் படிப்பில் ஒரு பருவத்தையும், நான்காண்டுப் படிப்பில் இரண்டு பருவங்கள் வரையும் முன்கூட்டியே முடிக்கலாம். பாடமும் குறையாது, மொத்த கிரெடிட்டும் குறையாது. காலம் மட்டுமே குறையும். மதிப்பெண் பட்டியலில் 'குறைந்த காலத்தில் நிறைவு செய்தார்' என்ற குறிப்பு இருக்கும். வேலைக்கும் மேற்படிப்புக்கும் இந்தப் பட்டத்தை வழக்கமான பட்டத்துக்குச் சமமாகவே கொள்ள வேண்டும் என்பதும் அந்த நடைமுறையில் உண்டு.

விரும்பியவர் எல்லாம் சேர்ந்துவிட முடியாது. கல்லூரி ஒரு குழு அமைத்து, முதல் பருவமோ இரண்டாம் பருவமோ முடிந்த பின் விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும். அதுவரை எடுத்த மதிப்பெண்ணைப் பார்த்து, கூடுதல் பாரத்தை இவர் தாங்குவாரா என்று முடிவு செய்யும். அனுமதிக்கப்பட்ட இடங்களில் பத்து சதவீதத்துக்கு மேல் இதற்கு ஒதுக்க முடியாது. 60 இடம் உள்ள வகுப்பில் ஆறு பேருக்குத்தான் வாய்ப்பு.

இனி கணக்கைப் பார்ப்போம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இளநிலைப் பட்டத்துக்குக் குறைந்தது 140 கிரெடிட் வேண்டும். ஆறு பருவத்துக்குப் பிரித்தால் ஒன்றுக்கு ஏறத்தாழ 23. பி.எஸ்சி. கணிதம் படிக்கும் ஒரு மாணவி ஆறாம் பருவத்தைத் தவிர்க்க நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த 23 கிரெடிட்டை அவர் வேறெங்காவது ஈட்டியாக வேண்டும்.

அதற்கு வழி கோடைப் பருவம். மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டுப் பாடத்திட்டச் சட்டகம், கோடை விடுமுறையில் எட்டு வாரப் பருவம் நடத்தலாம் என்கிறது. ஒரு கிரெடிட்டுக்கு 15 மணி நேர வகுப்பு. நான்கு கிரெடிட் தாள் இரண்டை எடுத்தால் 120 மணி நேரம். எட்டு வாரத்தில் வாரம் 15 மணி, அதாவது வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு மூன்று மணி. கடினம்தான், முடியாதது அல்ல. இரண்டு கோடைகளில் 16 கிரெடிட் சேரும். நான்காம் பருவத்தில் ஒரு கூடுதல் தாள், ஐந்தாம் பருவத்தில் இன்னொன்று என்று மிச்சம் ஏழையும் ஈட்டிவிட்டால் 23 ஆகிவிடும்.

ஆனால் இந்தக் கணக்கு கைகூடுவது விண்ணப்பிக்கும் மாதத்தைப் பொறுத்தது. இரண்டாம் பருவத் தேர்வு முடிவு வரும் வரை காத்திருந்தால் முதல் கோடை போய்விடும். அப்போது கையில் மிஞ்சுவது ஒரே கோடை, எட்டு கிரெடிட். மீதி 15 கிரெடிட்டை மூன்று வழக்கமான பருவங்களில் திணிக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் 23 என்பது 28 ஆகும். முதல் பருவ முடிவு வந்ததுமே விண்ணப்பித்தால்தான் இரண்டு கோடைகளும் கிடைக்கும்.

இன்னொரு சிக்கல் மாணவர்களின் கண்ணுக்கு எளிதில் படுவதில்லை. ஆறாம் பருவத் தாள்களுக்கான வகுப்பு டிசம்பர் முதல் ஏப்ரல் வரைதான் நடக்கும். ஐந்தாம் பருவம் நவம்பரில் முடிந்துவிடும். ஆக, வகுப்பில் படிப்பதென்றால் ஆறாம் பருவத் தாளை நான்காம் பருவத்தில் மூன்றாமாண்டு அக்காக்களோடு உட்கார்ந்து படிக்க வேண்டும், இல்லையென்றால் கோடையில் படிக்க வேண்டும். தேர்வு ஒரு தடையல்ல. அரியர் வைத்தவர்களுக்காக எல்லாத் தாளுக்கும் நவம்பரிலும் தேர்வு நடக்கிறது. வருகைப்பதிவுதான் தடை. ஒரு தாளை முதன்முறை எழுத 75 சதவீத வருகை வேண்டும். இரண்டாமாண்டு வகுப்பும் மூன்றாமாண்டு வகுப்பும் ஒரே மணி நேரத்தில் நடந்தால் அந்த மாணவி எங்கே உட்காருவார்? டைம்டேபிள் போடும்போதே துறைத் தலைவர் இதை யோசித்திருக்க வேண்டும். இறுதிப் பருவத்தில் புராஜெக்ட் இருந்தால் அதற்கு வழிகாட்டும் ஆசிரியரையும் ஓராண்டு முன்பே கேட்டு வைக்க வேண்டும்.

மூன்றாம், ஐந்தாம் பருவங்களில் எடுக்கும் கூடுதல் தாளுக்கு ஸ்வயம் இணையப் பாடம் ஓரளவு கைகொடுக்கும். 2021 விதிப்படி ஒரு பருவத்தின் பாடங்களில் 40 சதவீதம் வரை அதில் படித்து கிரெடிட்டை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் எந்த ஸ்வயம் பாடம் நம் எந்தத் தாளுக்கு ஈடு என்று கல்லூரியும் பல்கலைக்கழகமும் முன்கூட்டியே ஏற்றிருக்க வேண்டும். சான்றிதழ் வாங்கிய பிறகு போய்க் கேட்டால் அந்த உழைப்பு வீணாகலாம்.

இத்தனையும் சரியாக அமைந்தாலும் திருப்புலிவனத்து மாணவிக்குப் பட்டம் முன்னதாகக் கிடைக்காது. அதைத் தடுப்பது சென்னைப் பல்கலைக்கழக விதியின் ஒரே ஒரு வரி: பட்டம் பெற இணைப்புக் கல்லூரியில் மூன்று கல்வியாண்டுக்குக் குறையாமல் படித்திருக்க வேண்டும். 140 கிரெடிட்டும் ஈட்டியிருந்தாலும் இரண்டரை ஆண்டில் அந்த நிபந்தனை நிறைவேறாது. இதைக் கல்லூரி முதல்வர் மாற்ற முடியாது. பல்கலைக்கழகக் கல்விக் குழுவும் ஆட்சிக் குழுவும் திருத்த வேண்டும். நடைமுறையில் அரசின் இசைவும் வேண்டும். தன்னாட்சிக் கல்லூரி பாடத்திட்டத்தைத் தானே வகுத்துக்கொள்ளும். ஆனால் அங்கும் பட்டம் தருவது பல்கலைக்கழகம்தான். நிகர்நிலைப் பல்கலைக்கழகத்துக்கு இந்தக் கட்டு இல்லை. அதன் கல்விக் குழுவே முடிவெடுத்துவிடலாம். கட்டணம் கட்டப் பணம் இருப்பவருக்கு முதலில் திறக்கக்கூடிய கதவு இது என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

இந்தத் திட்டத்துக்கு வேரான தேசியக் கல்விக் கொள்கையைத் தமிழ்நாடு ஏற்கவில்லை; அதற்கு அரசு சொல்லும் காரணங்கள் வலுவானவை. ஆனால் நான்காண்டுப் பட்டத்தையோ இடைநிற்றல் சான்றிதழையோ தொடாமல், 'மூன்று ஆண்டு' என்ற அந்த ஒரு வரிக்கு மட்டும் விலக்குத் தர முடியும். அதைச் செய்ய வேண்டும் என்பதே என் கருத்து.

வரியைத் திருத்துவதோடு மே மாதச் செலவையும் அரசு ஏற்க வேண்டும். அரசுக் கல்லூரிகளில் பெரும்பங்கு வகுப்புகளை எடுக்கும் கௌரவ விரிவுரையாளர்களுக்கு ஆண்டில் 11 மாதம்தான் ஊதியம். மே மாதம் கிடையாது. கோடைத் தாளை யார் நடத்துவார்? விடுமுறையில் விடுதிகள் மூடிவிடுவது வழக்கம். கிராமத்திலிருந்து வரும் பிள்ளை எங்கே தங்குவார்? ஏப்ரல், மே தேர்வு முடிந்து ஜூனிலோ ஜூலையிலோ கல்லூரி திறக்கும் நம் நாட்காட்டியில், எட்டு முழு வாரம் கிடைப்பதே அரிது.

முந்தி முடிப்பது எல்லாருக்கும் லாபமும் அல்ல. நவம்பரில் முடித்தாலும் முதுநிலைச் சேர்க்கை அடுத்த கோடையில்தான். யு.பி.எஸ்.சி. குடிமைப் பணித் தேர்வுக்கும் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1 தேர்வுக்கும் 21 வயது நிரம்ப வேண்டும். பதினேழரை வயதில் கல்லூரியில் சேர்ந்து இருபதில் முடிப்பவர் எப்படியும் காத்திருப்பார். புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாயும் படிக்கும் காலத்துக்குத்தான். ஒரு பருவம் முந்தினால் சுமார் 6,000 ரூபாய் குறையும். குரூப் 2 அறிவிக்கைக்கோ, கையில் பட்டம் கேட்கும் வேலைக்கோ காத்திருப்பவருக்குத்தான் அந்த ஆறு மாதம் பெரிது. குடும்பத்தில் முதல் பட்டதாரிகளாக வரும் இத்தகையோர் அரசுக் கல்லூரிகளில்தான் அதிகம். விதி திருந்தினால், அவர்களுக்கான முதல் விண்ணப்பத்தைக் கல்லூரி ஜூனில் அல்ல, பிப்ரவரியில் வாங்க வேண்டும்.